முதியோர் யாத்திரைக்கு நாள்வாரித் தாள் எழுதுவது எப்படி: சென்னையிலிருந்து கும்பகோணத்துக்கு நான்கு நாள்

எங்கள் நங்கநல்லூர் பஜனைக் குழுவை மூன்று முறை கும்பகோணம் பக்கம் அழைத்துப் போயிருக்கிறேன். கடைசியாகப் போனபோது 14 பெரியவர்கள், உதவிக்கு 3 பேர். பெரியவர்களில் இளையவருக்கு 64 வயது, மூத்தவருக்கு 82. ஐந்து பேருக்குச் சர்க்கரை, அதில் ஒருவர் இன்சுலின் போடுபவர். இரண்டு பேர் கைத்தடி இல்லாமல் நடக்க மாட்டார்கள்.

எத்தனை மணிக்கு எந்தக் கோவில் என்ற பட்டியலை யாரும் எழுதிவிடலாம். ஆனால் 78 வயதுக்காரர் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "இன்னைக்கு நான் எவ்வளவு நடக்கணும், எப்போ சாப்பிடுவேன், எப்போ படுப்பேன்" என்று தானே பார்த்துக்கொள்ள முடிய வேண்டும். அப்படி ஒரு தாளை எழுதும் வரிசையைக் கீழே சொல்கிறேன். வரிசையை மாற்றினால் ஒரு வேலையை இரண்டு முறை செய்ய நேரும்.

1. கோவில் பட்டியலுக்கு முன் ஆள் பட்டியல்

புதிதாகக் குழு அழைத்துப் போகிறவர்கள் எல்லாரும் முதலில் கோவில்களை எழுதுகிறார்கள். ஒன்பது நவக்கிரகக் கோவில்களையும் எழுதி, எல்லாரிடமும் காட்டி, ஆசையைக் கிளப்பிவிட்டு, அப்புறம்தான் யாரால் நடக்க முடியும் என்று பார்க்கிறார்கள். ஒருமுறை சொல்லிவிட்ட கோவிலை எடுப்பது கஷ்டம். அதனால் ஆட்களிடம் பேசி முடிக்கும் வரை கோவில் பெயரே எடுக்காதீர்கள்.

ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேச வேண்டும். கூட்டத்தில் கேட்டால் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். "நடப்பீங்களா மாமி?" என்று கேட்டால் "ஓ, நன்னா நடப்பேனே" என்றுதான் பதில் வரும். எங்கே விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்ற பயம். அதனால் நடந்து முடிந்ததைக் கேளுங்கள்: "போன வாரம் எங்கெல்லாம் நடந்து போனீங்க? நடுவில் எங்கே உட்கார்ந்தீங்க?" ஆஞ்சநேயர் கோவிலுக்கு நடந்து போனேன், வழியில் ஒரு திண்ணையில் உட்கார்ந்தேன் என்று சொன்னால், அவருடைய அளவு நமக்குத் தெரிந்துவிடும்.

இன்னும் நான்கு கேள்விகள் போதும். தரையில் உட்கார்ந்தால் யாரும் பிடிக்காமல் எழுந்திருப்பாரா? அன்னதானப் பந்தியும் கோவில் பிரகாரத்தில் உட்காருவதும் இதைப் பொறுத்தவை. மேற்கத்திய கழிப்பறைதான் வேண்டுமா? இரவில் எத்தனை முறை எழுந்திருப்பார்? எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், எது பின்? கடைசிக் கேள்விக்கு வாயால் பதில் வாங்காமல் மருந்துச் சீட்டைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பட்டியலில் மிகவும் மெதுவாக நடப்பவர் யாரோ, அவர் வேகம்தான் தாளின் வேகம். சராசரி எடுக்கக் கூடாது. சராசரியில் எழுதிய தாளில் பாதிப் பேர் பின்தங்கியே நடப்பார்கள், பின்தங்கியவர்கள் அவசரப்படுவார்கள், அவசரத்தில்தான் தடுக்கி விழுவார்கள்.

2. கிழமை, நடை சாத்தும் நேரம், ரயில்

இந்தப் பக்கத்துக் கோவில்கள் பெரும்பாலும் மதியம் 12 அல்லது 12.30க்குச் சாத்தி, மாலை 4 மணிக்குத் திறப்பார்கள். சிலர் இதைத் தொந்தரவாக நினைக்கிறார்கள். எனக்கு இது பெரிய உதவி. பகலில் மூன்று மணி நேரத்துக்கு மேல் யாராலும் எந்தக் கோவிலையும் கேட்க முடியாது, எல்லாரையும் படுக்க வைக்கலாம். காலையில் ஒரு வேளை, மாலையில் ஒரு வேளை. ஒரு நாளுக்கு இந்த இரண்டு வேளைகள்தான் உண்டு என்று முடிவு செய்துவிடுங்கள்.

கோவில் அலுவலகத்துக்குப் போன் செய்யும்போது திறக்கும் நேரத்தோடு நிறுத்திவிடக் கூடாது. "அபிஷேகம் எப்போது, எத்தனை மணிக்குத் திரை போடுவீர்கள்?" என்றும் கேளுங்கள். திரை போட்டபின் போய்ச் சேர்ந்தால் அரை மணி நேரம் நின்றுகொண்டே காத்திருக்க வேண்டியிருக்கும். பெரியவர்களுக்கு நடப்பதைவிட நிற்பதுதான் கடினம்.

கிழமையைப் பொறுத்தவரை, அந்தந்தக் கிரகத்துக்கு உரிய நாளைத் தவிர்த்தேன். ஞாயிறு சூரியனார் கோவில், வியாழன் ஆலங்குடி, சனி திருநள்ளாறு என்றால் கூட்டம் அதிகம். திருநாகேஸ்வரத்தில் ராகு கால நேரத்தில் பாலாபிஷேகம், அந்த ஒன்றரை மணி நேரம் நெரிசல். செவ்வாய்க்கிழமை ராகு காலம் மாலை 3 முதல் 4.30 வரை என்பதால், செவ்வாய் மாலை 5 மணிக்கு மேல் போவதாக எழுதினேன். அபிஷேகம் பார்க்க வேண்டும் என்று விரும்பிய இரண்டு பேரிடம் கூட்டத்தின் நிலைமையை முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் வாங்கினேன். பஞ்சாங்கத்தில் பிரதோஷம், முகூர்த்த நாள், பெயர்ச்சி எல்லாம் பார்த்துவிடுங்கள். முகூர்த்த நாளில் அறை கிடைப்பதே கஷ்டம்.

ரயிலுக்கு முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது. ஒரு டிக்கெட்டில் அதிகபட்சம் 6 பேர். எங்கள் 17 பேருக்கு மூன்று டிக்கெட், ஒவ்வொன்றிலும் ஒரு உதவியாளர் வரும்படி பிரித்தோம். பெட்டி மாறிப் போனாலும் ஒவ்வொரு பெட்டியிலும் துணை இருக்கும். முதியோர் கட்டணச் சலுகை 2020 மார்ச்சிலிருந்து இல்லை, செலவுக் கணக்கில் முழுக் கட்டணமாகவே போடுங்கள்.

பகல் ரயில்தான் என் தேர்வு. இரவு ரயிலில் போனால் ஒரு நாள் மிச்சம் என்பார்கள். விடியுமுன் இறங்கி, அறை தயாராகாமல் வரவேற்பறையில் உட்கார்ந்து, தூக்கம் கெட்ட உடம்போடு முதல் கோவிலுக்குப் போனால் அந்த நாள் முழுவதும் போய்விடும். வேனில் சுமார் 300 கிலோமீட்டர் போவதும் எனக்குப் பிடிக்கவில்லை. ரயிலில் எழுந்து நாலடி நடக்கலாம், கழிப்பறை உண்டு.

3. அளந்து பாருங்கள்

நடக்கும் தூரத்தை மீட்டரில் எழுதினால் பெரியவர்களுக்குப் புரியாது. நிமிடத்தில் எழுத வேண்டும், அதுவும் அவர்களுடைய நிமிடத்தில். எங்கள் குழுவில் கைத்தடியோடு நடக்கும் தாத்தாவை வீட்டுத் தெருவில் 200 அடி எடுத்து வைக்கச் சொல்லி நேரம் பார்த்தேன். எனக்கு ஆன நேரத்தைப் போல இரண்டரை மடங்கு ஆனது. அதற்குப் பிறகு எந்தக் கோவிலிலும் நான் நடந்து பார்த்த நேரத்தை இரண்டரையால் பெருக்கித்தான் எழுதுகிறேன். உங்கள் குழுவுக்கு வேறு எண் வரும், அதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

முடிந்தால் ஒருவர் முன்னால் போய்ப் பார்த்து வர வேண்டும். முடியாவிட்டால் வேன் ஓட்டுநரிடம் கேளுங்கள், ஆனால் கேள்வி சரியாக இருக்க வேண்டும். "கோவில் வாசல் வரை வண்டி போகுமா?" என்றால் போகும் என்பார். "செவ்வாய்க்கிழமை மாலை எங்கே நிறுத்தவிடுவாங்க, அங்கிருந்து செருப்பு விடும் இடம் எங்கே?" என்று கேளுங்கள். வேன் நிற்கும் இடத்திலிருந்து செருப்பு விடும் இடம் வரை ஒரு தூரம். அங்கிருந்து சன்னதி வரை வெறுங்காலில் இன்னொரு தூரம். பெரியவர்களுக்கு இவை இரண்டும் வேறு வேறு வேலைகள்.

வெறுங்கால் விஷயத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நாள்பட்ட சர்க்கரை உள்ள பலருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். 11 மணி வெயிலில் காய்ந்த கருங்கல்லில் நடந்தால் மற்றவர்கள் துள்ளிக் குதித்து ஓடுவார்கள், இவர்கள் நிதானமாக நடப்பார்கள். சூடு தெரியாது. அறைக்கு வந்தபின் கொப்புளம் தெரியும். அதனால் வெயில் படும் பிரகாரத்தை 10.30க்கு முன்பே முடித்துவிடுவது போல நேரம் எழுதுங்கள். பருத்திக் காலுறை ஓரளவு உதவும். ஆனால் ஈரத் தரையில் அதுவே வழுக்கும், அபிஷேகத் தண்ணீர் ஓடும் இடத்தில் கழற்றச் சொல்லுங்கள்.

4. நடப்பதை எழுதும் விதம்

என் முதல் பயணத்துத் தாளில் "நடை 4.00" என்று எழுதியிருந்தேன். கோவில் நடை நாலு மணிக்குத் திறக்கும் என்பது பொருள். ஒரு மாமி அதை நாலு மணிக்கு வாக்கிங் என்று படித்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு ஓட்டல் வாசலில் தனியாக நின்றுகொண்டிருந்தார். இன்னொருவர் வேறொரு வரியில் இருந்த "நடை 10 நிமிடம்" என்பதைக் கோவில் பத்து நிமிடம்தான் திறந்திருக்கும் என்று எடுத்துக்கொண்டு பதறினார். தப்பு அவர்கள் மேல் இல்லை. அன்றிலிருந்து என் தாளில் "நடை" என்ற சொல்லே கிடையாது. "கோவில் திறப்பு" என்று எழுதுகிறேன், "நடக்க வேண்டியது" என்று எழுதுகிறேன்.

"கொஞ்ச தூரம்", "பக்கத்திலேயே", "சுலபமான படிகள்" என்ற சொற்களையும் எடுத்துவிடுங்கள். எழுதுகிறவருக்குச் சுலபமானது படிக்கிறவருக்கு மலையாக இருக்கலாம். ஒவ்வொரு கோவிலுக்கும் நான்கு வரிகள் மட்டும் எழுதுங்கள், எல்லாக் கோவிலுக்கும் அதே வரிசையில்:

நடக்க வேண்டியது: போக எத்தனை நிமிடம், வர எத்தனை நிமிடம், அதில் வெறுங்காலில் எவ்வளவு.

நிற்க வேண்டியது: எத்தனை நிமிடம், பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா.

படி: எத்தனை, கைப்பிடி எந்தப் பக்கம்.

வராதவர்கள்: எங்கே உட்காரலாம், கூட யார் இருப்பார்.

"போக, வர" என்று இரண்டையும் எழுதக் காரணம் உண்டு. "10 நிமிட நடை" என்று எழுதினால் போகும்போது பத்து நிமிடம் நடந்து, அத்தோடு முடிந்தது என்று பலத்தை எல்லாம் செலவழித்துவிடுகிறார்கள். திரும்பி வரும்போதுதான் கால் பின்னுகிறது.

நாலாவது வரிதான் எல்லாவற்றிலும் முக்கியம். உட்கார இடமும் துணையும் தாளில் எழுதியிருந்தால் ஒருவர் வெட்கப்படாமல் "நான் இங்கேயே இருக்கேன்" என்பார். எழுதாவிட்டால் எல்லாருக்கும் தன்னால் தாமதம் என்று நினைத்து, முடியாவிட்டாலும் எழுந்து நடப்பார். சுவாமிமலைக்கு நான் எழுதியது இப்படி: "முருகன் சன்னதிக்கு 60 படி ஏற வேண்டும், 60 படி இறங்க வேண்டும். ஏறாதவர்கள் கீழே மண்டபத்தில் உட்காரலாம், கூட ஒரு உதவியாளர் இருப்பார். மேலேயிருந்து விபூதிப் பிரசாதம் எல்லாருக்கும் வரும்." கடைசி வாக்கியத்தைப் படித்த பிறகுதான் முழங்கால் வலி உள்ள இரண்டு பேர் நிம்மதியாகக் கீழே உட்கார்ந்தார்கள்.

"நேரம் இருந்தால்" என்றும் எழுதாதீர்கள். திருநாகேஸ்வரத்துக்குப் பக்கத்தில்தான் உப்பிலியப்பன் கோவில். ஒரு முறை "நேரம் இருந்தால் உப்பிலியப்பன்" என்று எழுதிவிட்டேன். அந்த நேரத்தை உண்டாக்க எல்லாரும் வேக வேகமாக நடந்தார்கள், வழியில் காபி வேண்டாம் என்றார்கள். போவதென்றால் நேரம் போட்டு எழுதுங்கள், இல்லையென்றால் தாளில் வரவே கூடாது.

5. சாப்பாட்டை எழுதும் விதம்

"மதிய உணவு வழியில்" என்ற வரியை வைத்துக்கொண்டு இன்சுலின் போடுபவர் எதுவும் செய்ய முடியாது. எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், மேசையிலா தரையிலா, டிபனா சாப்பாடா என்ற நான்கும் வேண்டும். நம் பேச்சில் சாப்பாடு என்றால் சோறு. இரவில் பலகாரம் மட்டும் சாப்பிடுபவர்கள் உண்டு, விரத நாளில் சோறு தொடாதவர்கள் உண்டு. "இரவு உணவு" என்று பொதுவாக எழுதினால் அவர்கள் கடைசி நேரத்தில் ஒரு வாழைப்பழத்தோடு படுத்துவிடுவார்கள்.

சாப்பாட்டு வரிக்கு மேலே மாத்திரை வரி வர வேண்டும். "6.40: சாப்பாட்டுக்கு முன் போடும் மாத்திரை. 7.00: இட்லி, பொங்கல்." நேரம் தவறாமல் தட்டு வரும் என்று ஓட்டல்காரரிடம் உறுதி செய்துகொண்ட பிறகுதான் முதல் வரியை எழுதலாம். மாத்திரை போட்டபின் தட்டு ஒரு மணி நேரம் தாமதமானால் சர்க்கரை இறங்கிவிடும். இன்சுலினுக்கு இன்னும் கவனம் வேண்டும், தட்டைக் கண்ணால் பார்த்த பிறகு போடச் சொல்லுங்கள்.

அப்புறம், "தரிசனம் முடித்துத்தான் சாப்பிடுவேன்" என்பவர்கள். எங்கள் குழுவில் ஆறு பேர். அதில் இரண்டு பேருக்குச் சர்க்கரை. வாதம் செய்து பயனில்லை, அவர்களுடைய பக்தியைக் குறை சொல்லவும் எனக்கு மனசு வராது. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே, வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் இந்த நேரங்களைக் காட்டி, என்ன செய்வது என்று அவர்களையே கேட்டு வரச் சொன்னேன். ஒருவர் பாலும் பழமும் எடுத்துக்கொள்வதாக ஒத்துக்கொண்டார். இன்னொருவருக்காக முதல் தரிசனத்தைக் காலை 7 மணிக்குள் முடிப்பது போல மாற்ற முடியவில்லை, அதனால் அவர் டிபன் சாப்பிட்டுவிட்டு வந்தார், டாக்டர் சொன்னதால்.

பிரசாதத்தை ஒரு வேளைச் சாப்பாடாகக் கணக்கில் எடுக்காதீர்கள். கிடைத்தால் சந்தோஷம். நடுவேளைக்கு மோர், வாழைப்பழம், உப்பு பிஸ்கட் நாமே கொண்டு போக வேண்டும். இன்சுலின் பையை வேனில் விட்டுவிட்டு இறங்கக் கூடாது, நிறுத்திய வண்டிக்குள் வெப்பம் ஏறிவிடும்.

6. ஓய்வும் கழிப்பறையும்

"மதியம் ஓய்வு" என்று எழுதினால் பாதிப் பேர் பாத்திரக் கடைக்கும், மீதிப் பேர் வெற்றிலை வாங்கவும் கிளம்பிவிடுவார்கள். ஓய்வு என்ற சொல்லை இஷ்டமான நேரம் என்று படிக்கிறார்கள். நான் எழுதுவது: "1.15 முதல் 3.45 வரை அறையில் படுக்கை. வேன் ஓடாது. கூட்டமும் பேச்சும் கிடையாது. 3.45க்கு அறைக்கு வந்து எழுப்புவோம்." எழுப்புவோம் என்று எழுதுவது அவசியம். தூங்கிவிட்டால் விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்ற பயத்தில் கண்ணை மூடாமல் படுத்திருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கடை வீதிக்கு என்று ஒரு நேரத்தைத் தனியாகக் கொடுத்துவிட்டால் மதியத் தூக்கத்தைக் காப்பாற்றலாம். எங்களுக்கு அது நான்காம் நாள் காலை.

இனி கழிப்பறை. பலர் இதைத் தாளில் எழுதக் கூச்சப்படுகிறார்கள். எழுதாததன் விளைவு என்ன தெரியுமா? அடுத்தது எங்கே என்று தெரியாததால் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். சிறுநீர் அதிகம் போக வைக்கும் இரத்த அழுத்த மாத்திரையைச் சத்தமில்லாமல் விட்டுவிடுபவர்களும் உண்டு. 11 மணிக்குத் தலைசுற்றல் வரும்போதுதான் நமக்குத் தெரியும். "7.45: கழிப்பறை. அடுத்தது 9.30க்கு, மேற்கத்திய முறை உண்டு" என்று எழுதுங்கள். கூடுமானவரை இரண்டு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது.

அறைகளை லிஃப்ட் உள்ள ஓட்டலில், ஒரே தளத்தில் கேளுங்கள். இரவில் குளியலறை விளக்கை எரியவிடச் சொல்லித் தாளிலேயே எழுதினேன். புது இடத்தில் இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு போகும்போதுதான் விழுவார்கள்.

7. எங்கள் தாள்

நான்கு நாளையும் இப்படி முடிவு செய்தேன். திங்கள்: பயணம், மாலையில் ஊருக்குள்ளேயே ஆதிகும்பேஸ்வரர். செவ்வாய்: காலை திருமங்கலக்குடியும் சூரியனார் கோவிலும், மாலை திருநாகேஸ்வரம். புதன்: காலை ஆலங்குடி, மாலை சுவாமிமலை. வியாழன்: கோவில் இல்லை, மதிய ரயிலில் சென்னை.

ஒன்பதில் மூன்றுதானா என்று கேட்டார்கள். வைத்தீஸ்வரன் கோவில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், திருநள்ளாறு எல்லாம் மயிலாடுதுறை, காரைக்கால் பக்கம். அவற்றைச் சேர்த்தால் வேனில் உட்காரும் நேரம் இரண்டு மடங்காகும், மதியம் படுக்க அறை இருக்காது. அது இன்னொரு பயணம். சூரியனார் கோவிலிலேயே ஒன்பது கிரகங்களுக்கும் தனித்தனிச் சன்னதி உண்டு என்று எடுத்துச் சொன்னதும் மனம் சமாதானமாயிற்று.

திருமங்கலக்குடியைச் சேர்த்ததற்குக் காரணம், அங்கே பிராணநாதரைத் தரிசித்துவிட்டுத்தான் சூரியனார் கோவிலுக்குப் போவது வழக்கம். இது தெரியாமல் திட்டம் போட்டால் வேனில் யாராவது ஒருவர் ஞாபகப்படுத்துவார், நேரமெல்லாம் சரியும். அதைச் சேர்த்ததால் சுக்கிரன் தலமான கஞ்சனூரை எடுத்துவிட்டேன். பக்கத்தில்தான் இருக்கிறது, ஆனாலும் ஒரு காலை வேளைக்கு மூன்று கோவில் தாங்காது.

செவ்வாய்க்கிழமைத் தாளை அப்படியே தருகிறேன். நிமிடங்கள் எங்கள் குழுவின் வேகத்துக்கு உரியவை.

5.45: அறைக்குக் காபி அல்லது பால் வரும்.

6.40: சாப்பாட்டுக்கு முன் போடும் மாத்திரை.

7.00: ஓட்டல் கீழ்த்தளம், மேசையில் டிபன். இட்லி, பொங்கல்.

7.45: கழிப்பறை. ஒரு டம்ளர் தண்ணீர்.

8.00: வேன் கிளம்பும். 40 நிமிடம் உட்கார்ந்து பயணம். ஏற முக்காலி போடுவோம்.

8.40: திருமங்கலக்குடி. நடக்க வேண்டியது போக 6, வர 6 நிமிடம், பெரும்பாலும் வெறுங்காலில். நிற்க வேண்டியது 10 நிமிடம். வராதவர்கள் வேனில் உட்காரலாம், கூட ஒருவர் இருப்பார்.

9.30: கழிப்பறை.

9.45: சூரியனார் கோவில். நடக்க வேண்டியது எல்லாச் சன்னதியும் சேர்த்து 25 நிமிடம், வெறுங்காலில். நடுவில் ஒரு முறை உட்காருவோம். சூரியன் சன்னதி மட்டும் போதும் என்பவர்களுக்கு 10 நிமிடம்.

10.30: வேனில் மோர், வாழைப்பழம்.

10.45: வேன் கிளம்பும். 11.30க்கு அறை.

12.15: ஓட்டலில் சாப்பாடு, மேசையில். அதற்கு முந்தைய மாத்திரை 11.55க்கு.

1.15 முதல் 3.45 வரை: அறையில் படுக்கை. நாங்கள் வந்து எழுப்புவோம்.

4.00: காபி, பிஸ்கட். கழிப்பறை.

4.45: வேன் கிளம்பும். 20 நிமிடம்.

5.10: திருநாகேஸ்வரம், ராகு சன்னதி. நடக்க வேண்டியது போக 12, வர 12 நிமிடம். நிற்க வேண்டியது 20 நிமிடம். நிற்க முடியாதவர்கள் பிரகாரத்தில் உட்காரலாம், வரிசை நகர்ந்ததும் அழைப்போம்.

6.45: வேன் கிளம்பும்.

7.15: ஓட்டலில் டிபன். இட்லி, சப்பாத்தி. சாப்பாட்டுக்கு முன் போடும் மாத்திரை 6.55க்கு வேனிலேயே. இன்சுலின் போடுபவர் ஓட்டலுக்கு வந்து, தட்டு வந்த பிறகு.

8.30: அறை. குளியலறை விளக்கு எரியட்டும்.

இதை எழுதியபின் நாள் முழுக்க நடப்பதையும் நிற்பதையும் தனித்தனியாகக் கூட்டிப் பாருங்கள். மேலே உள்ளதில் நடப்பது 61 நிமிடம், நிற்பது 30 நிமிடம். எங்கள் தாத்தாவுக்கு ஒரு மணி நேரம்தான் வரம்பு என்று முன்பே பேசியிருந்ததால், அவருக்குச் சூரியன் சன்னதி மட்டும் என்று அவருடைய தாளில் அடிக்கோடிட்டுக் கொடுத்தேன். 46 நிமிடமாகக் குறைந்தது. இந்தக் கூட்டலைச் செய்யாமல் எந்தத் தாளையும் அச்சுக்குக் கொடுக்காதீர்கள்.

8. தாளைக் கொடுக்கும் விதம்

ஒரு நாளைக்கு ஒரு தாள். எழுத்து 18 புள்ளிக்குக் குறையக் கூடாது. நான்கு நாளையும் ஒரே தாளில் போட்டால் புதன்கிழமை காலை திங்கள்கிழமை வரியைப் படிப்பவர்கள் இருப்பார்கள். பின்பக்கத்தில் ஓட்டல் பெயர், உதவியாளர் இருவரின் போன் எண், அவரவர் மருந்துப் பெயர்.

கிளம்ப ஒரு வாரம் முன்பு எல்லாரையும் உட்கார வைத்து, தாளை நீங்கள் படிக்காமல் அவர்களில் ஒருவரைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். எங்கே தடுமாறுகிறாரோ அந்த வரியை மாற்ற வேண்டும். பயணத்தின்போது இரவுச் சிற்றுண்டி முடிந்ததும் மறுநாள் தாளை மட்டும் கொடுங்கள்.

9. நேரம் தவறும்போது எதை வெட்டுவது

தவறத்தான் செய்யும். அப்போது முடிவெடுக்கக் கூடாது, முன்பே எடுத்து வைத்திருக்க வேண்டும். நான் தாளின் அடியில் எழுதுவது: "தாமதமானால் கோவில் குறையும். சாப்பாடும் படுக்கையும் நகராது." செவ்வாயன்று வேன் டயர் பஞ்சராகி 50 நிமிடம் போனது. திருமங்கலக்குடியில் வாசலிலேயே கும்பிட்டுவிட்டுச் சூரியனார் கோவிலுக்குப் போனோம். 12.15க்கு எல்லாரும் மேசையில் இருந்தார்கள்.

உதவியாளர்கள் மூன்று பேரும் ஒன்றைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். சர்க்கரை உள்ள ஒருவருக்கு வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சு பொருந்தாமல் போனால், சாப்பாட்டு நேரம் பார்க்காதீர்கள். உடனே உட்கார வைத்து, மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடத்தில் தெளியவில்லையென்றால் இன்னொரு முறை. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது, 108க்குப் போன் செய்ய வேண்டும். சர்க்கரைப் பொட்டலம் ஒவ்வொரு உதவியாளரின் சட்டைப் பையிலோ இடுப்புப் பையிலோ இருக்க வேண்டும், வேனில் இருக்கும் மூட்டையில் இருந்தால் சன்னதிக்குள் உதவாது.